'தகவல் வெளியாகியுள்ளது' என்றால் வெளியிட்டது யார்? அடுத்தவர் எக்ஸ்க்ளூசிவும் 100 ஆண்டு பழைய தீர்ப்பும்

ஒரு நாளிதழின் மாவட்ட நிருபர் மூன்று மாதம் அலைந்து ஒரு முறைகேட்டைக் கண்டுபிடிக்கிறார். காலை 6 மணிக்கு பேப்பர் வருகிறது. 7 மணிக்கு அதே செய்தி டிவியில் 'பிரேக்கிங்' என்று ஓடுகிறது. 8 மணிக்கு பத்து இணையதளங்களில் இருக்கிறது. எதிலும் அந்த நாளிதழின் பெயர் இல்லை. 'தகவல் வெளியாகியுள்ளது' என்று மட்டும் இருக்கிறது. தகவல் என்ன, அதுவாகவே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்ததா?

இது சட்டப்படி திருட்டா? பெயர் போட்டுவிட்டால் சரியாகிவிடுமா? 100 ஆண்டுகளுக்கு முன்பே அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்விகளோடு மல்லுக்கட்டியிருக்கிறது. அந்த வழக்கைப் புரிந்துகொண்டால் இன்றைய சண்டையும் புரிந்துவிடும்.

1918-ல் என்ன நடந்தது?

முதல் உலகப் போர் காலம். அமெரிக்காவில் அசோசியேட்டட் பிரஸ் (ஏ.பி.) என்ற செய்தி நிறுவனமும், பத்திரிகை அதிபர் ஹெர்ஸ்டின் இன்டர்நேஷனல் நியூஸ் சர்வீஸ் (ஐ.என்.எஸ்.) நிறுவனமும் போட்டியாளர்கள். ஏ.பி.க்கு சுமார் 950 நாளிதழ்கள் உறுப்பினர்கள், ஆண்டுச் செலவு சுமார் 35 லட்சம் டாலர். ஐ.என்.எஸ். சுமார் 400 பத்திரிகைகளுக்கு செய்தி கொடுத்தது.

ஹெர்ஸ்ட் பத்திரிகைகள் போர்ச் செய்திகளை எழுதிய விதம் பிடிக்காமல், 1916-ல் பிரிட்டன் தன் தந்திக் கம்பிகளை ஐ.என்.எஸ். பயன்படுத்தத் தடை போட்டது. பிரான்சும் தடை செய்தது. போர்முனைச் செய்தி இல்லாமல் அந்தக் காலத்தில் பத்திரிகை நடத்த முடியுமா? ஐ.என்.எஸ். ஒரு வழி கண்டுபிடித்தது.

அப்போது பத்திரிகை அலுவலக வாசலில் பலகை வைத்து சூடான செய்திகளை எழுதிப் போடுவார்கள். நியூயார்க்கில் ஏ.பி. உறுப்பினர் பத்திரிகைகளின் பலகைகளையும், முதலில் அச்சாகும் பதிப்புகளையும் பார்த்து, ஐ.என்.எஸ். ஆட்கள் செய்தியை எடுத்தார்கள். சில சமயம் அப்படியே, சில சமயம் வார்த்தையை மாற்றி, தந்தி மூலம் தங்கள் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் விடிந்து மூன்று மணி நேரம் கழித்துத்தான் மேற்குக் கரையில் விடியும். அதனால் மேற்கில் ஏ.பி. பத்திரிகை கடைக்கு வரும் அதே நேரத்தில், சில சமயம் அதற்கு முன்பே, ஏ.பி.யின் செய்தி ஹெர்ஸ்ட் பேப்பரில் ஐ.என்.எஸ். செய்தியாக வந்துவிடும்.

ஏ.பி. வழக்கு போட்டது. இங்கேதான் சிக்கல். செய்தியை எழுதிய வாசகத்துக்கு காப்புரிமை உண்டு. ஆனால் 'இந்த ஊரில் இன்று சண்டை நடந்தது' என்ற உண்மைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. வார்த்தையை மாற்றி எழுதினால் காப்புரிமைச் சட்டம் கைகட்டி நிற்கும்.

மூன்று நீதிபதிகள், மூன்று பார்வை

1918 டிசம்பர் 23-ல் தீர்ப்பு வந்தது. ஐந்து பேர் ஏ.பி. பக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பிட்னி சொன்னது இதுதான்: செய்தி பொதுமக்களைப் பொறுத்தவரை யாருடைய சொத்தும் அல்ல. ஆனால் போட்டி நிறுவனங்கள் இரண்டுக்கும் இடையே அது கிட்டத்தட்ட சொத்து மாதிரிதான். ஒருவர் காசு செலவழித்து விதைத்ததை, செலவே செய்யாத போட்டியாளர் அறுத்துக்கொண்டு போவது நியாயமற்ற போட்டி. எனவே செய்தியின் சூடு ஆறும் வரை ஐ.என்.எஸ். அதை எடுக்கக் கூடாது.

நீதிபதி பிராண்டைஸ் நேர் எதிர். வெளியிட்ட பிறகு தகவல் எல்லோருக்கும் பொது. அதைத் தடுக்க வேண்டுமென்றால் சட்டமன்றம் சட்டம் போடட்டும், நீதிமன்றம் புதிய சொத்துரிமையை உருவாக்கக் கூடாது என்றார்.

நம் விஷயத்துக்கு முக்கியமானவர் மூன்றாமவர், நீதிபதி ஹோம்ஸ். அவர் சொத்து என்ற பேச்சையே ஏற்கவில்லை. அவர் பார்வையில் ஐ.என்.எஸ். செய்த தவறு எடுத்தது அல்ல, சொல்லாமல் எடுத்தது. பெயர் போடாமல் வெளியிடும்போது, 'இதை நாங்களே திரட்டினோம்' என்று வாசகரிடம் மறைமுகமாக ஒரு பொய் சொல்கிறோம். வழக்கமாக போலி வியாபாரி என்ன செய்வார்? தன் சரக்கில் அடுத்தவர் பெயரை ஒட்டி விற்பார். இங்கே நடப்பது தலைகீழ்: அடுத்தவர் சரக்கில் தன் பெயர். இன்னொரு விளைவும் உண்டு. மேற்குக் கரை வாசகர் ஐ.என்.எஸ். செய்தியை முதலில் படித்துவிட்டு, பிறகு ஏ.பி.யில் அதையே பார்த்தால், ஏ.பி.தான் காப்பி அடித்தது என்று நினைப்பார்!

அதனால் ஹோம்ஸ் சொன்ன தீர்வு எளிமையானது. ஏ.பி. வெளியிட்ட பிறகு குறிப்பிட்ட மணி நேரம் வரை, ஏ.பி.க்கு வெளிப்படையாக கிரெடிட் கொடுக்காமல் அந்தச் செய்தியை ஐ.என்.எஸ். பயன்படுத்தக் கூடாது. எத்தனை மணி நேரம், கிரெடிட் எந்த வடிவில் என்பதைக் கீழ் நீதிமன்றம் முடிவு செய்யட்டும். அதாவது பெயர் போட்டால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். இது சிறுபான்மைக் கருத்தாகவே போனது. ஆனால் இன்று நல்ல நியூஸ் ரூம்களில் நடைமுறையாக இருப்பது இதுதான்.

'டிப்' வேறு, 'லிஃப்ட்' வேறு

அந்த வழக்கில் ஐ.என்.எஸ். ஒரு எதிர்வாதம் வைத்தது. 'ஏ.பி. மட்டும் யோக்கியமா? எங்கள் செய்தியைப் பார்த்து அவர்களும் செய்தி போடுகிறார்கள்' என்றது. நீதிமன்றம் இங்கே ஒரு கோடு கிழித்தது. போட்டியாளரின் செய்தியைப் பார்த்து, அதைத் துப்பாக வைத்துக்கொண்டு தானே விசாரித்து எழுதுவது வேறு. விசாரிக்காமல் சரக்கை அப்படியே எடுப்பது வேறு. முன்னது தவறல்ல.

நடைமுறையில் சண்டை வருவது இந்த இடத்தில்தான். ஒரு கற்பனை உதாரணம் பார்ப்போம். ஒரு அரசு மருத்துவமனையில் காலாவதியான மருந்து விநியோகிக்கப்பட்டதை ஸ்டாக் ரெஜிஸ்டர் நகலோடு ஒரு நாளிதழ் வெளியிடுகிறது. நம் டெஸ்க்கில் மூன்று விதமாக எழுதலாம்.

ஒன்று, எதையும் விசாரிக்கவில்லை, ஆனால் செய்தி பெரியது. அப்போது முதல் பத்தியிலேயே 'இன்ன நாளிதழ் வெளியிட்ட செய்தியின்படி' என்று வர வேண்டும், லிங்க்கும் தர வேண்டும். ஆவணத்தை நாம் பார்க்கவில்லை என்றால் 'ஆவணங்களில் தெரியவந்துள்ளது' என்று எழுதக் கூடாது. 'அந்த நாளிதழ் பார்த்த ஆவணங்களில்' என்பதுதான் உண்மை.

இரண்டு, நம் நிருபர் மருத்துவமனை டீனிடம் பேசி உறுதி செய்துவிட்டார். இப்போது இது நம் செய்தியும்தான். 'டீன் நம்மிடம் கூறினார்' என்று தைரியமாக எழுதலாம். ஆனாலும் 'இதை முதலில் வெளியிட்டது இன்ன நாளிதழ்' என்ற ஒரு வரி இருக்க வேண்டும். டீனுக்கு போன் போட வேண்டும் என்று நமக்குத் தோன்றியதே அந்தச் செய்தியால்தானே! 1918-ல் வழக்கில் வென்ற அதே ஏ.பி., 2010-ல் தன் செய்தியாளர்களுக்கு அனுப்பிய விதிகளில் இதையும் சேர்த்தது: நாமே உறுதி செய்தாலும், முதலில் வெளிக்கொண்டுவந்தவர் யார் என்று சொல்லுங்கள், அது பத்திரிகையாக இருந்தாலும் சரி, பிளாகாக இருந்தாலும் சரி.

மூன்றாவது, நம் ஊரில் அதிகம் நடப்பது: டீனிடம் ஒரே ஒரு வரி வாங்கிவிட்டு, மீதி பத்து பத்தியையும் நாளிதழிலிருந்து எடுத்து, எல்லாவற்றையும் நம் விசாரணை போலக் காட்டுவது. இதில் கடைசிப் பத்தியில் போய் சின்னதாக ஒரு பெயர் போட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. மொபைலில் படிப்பவர்களில் எத்தனை பேர் அங்கே வருகிறார்கள்?

கண்டுபிடிப்பது எப்படி?

சில அடையாளங்கள் உண்டு. செய்தி முழுக்க 'கூறப்படுகிறது', 'தெரிகிறது', 'வட்டாரங்கள் தெரிவிக்கின்றன' என்றே போகும். யார் சொன்னார், எப்போது, யாரிடம் என்பது இருக்காது. அதைவிடப் பெரிய சாட்சி தவறுகள். மூலச் செய்தியில் ஒரு தேதியோ ஊர்ப் பெயரோ தப்பாக இருந்து, அதே தப்பு எட்டு இடத்தில் வந்தால் எட்டு பேரும் 'தனித்தனியாக' விசாரித்தார்கள் என்று நம்ப முடியாது.

1903-ல் அமெரிக்காவின் கிளார்க்ஸ்பர்க் நகரில் ஒரு பத்திரிகை இதையே பொறியாக வைத்தது. ஒரு நாய் தொடர்பான தகராறில் ஒருவர் சுடப்பட்டதாக, இல்லாத ஆளின் பெயரில் செய்தி போட்டது. போட்டிப் பத்திரிகையும் அதை வெளியிட்டது. அந்த ஆளின் குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் கடைசி எழுத்திலிருந்து திருப்பிப் படித்தால், 'நாங்கள் செய்தியை ஜோடிக்கிறோம்' என்று வரும்! மாட்டிக்கொண்டவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. சிரிப்பு வந்தாலும், வாசகருக்குப் பொய்ச் செய்தி கொடுத்து வைத்த பொறி என்பதால் இன்று யாரும் இதைப் பின்பற்றக் கூடாது.

இந்தியாவில் நிலைமை என்ன?

இங்கேயும் உண்மைகளுக்கு காப்புரிமை கிடையாது, எழுத்துக்குத்தான். 'சூடான செய்தி' உரிமை கேட்டு இந்தியாவில் நடந்த முக்கியமான வழக்கு அரசியல் செய்தி பற்றியது அல்ல, கிரிக்கெட் ஸ்கோர் பற்றியது. எஸ்எம்எஸ் மூலம் பந்துக்குப் பந்து ஸ்கோர் அனுப்பிய நிறுவனங்கள் மீது ஸ்டார் இந்தியா வழக்கு தொடுத்தது. 2013-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உரிமையை ஏற்கவில்லை. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

பிரஸ் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் நடத்தை நெறிகள் இன்னும் நேரடியாகப் பேசுகின்றன. வேறு பத்திரிகையின் செய்தியை எடுத்து தன் செய்தியாக வெளியிடுவது பத்திரிகைத் தரத்துக்குப் பொருந்தாது, எடுத்தால் மூலத்தை முறையாகக் குறிப்பிட வேண்டும் என்கின்றன. ஹோம்ஸ் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் கவுன்சிலால் கண்டிக்க முடியும், அபராதம் போட முடியாது. அதன் எல்லை பத்திரிகைகளும் செய்தி நிறுவனங்களும்தான், டிவி சேனல்கள் அதற்குள் வராது. எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

கிரெடிட் போட்டால் எல்லாம் சரியா?

இல்லை, இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 'நன்றி' என்று போட்டுவிட்டு முழுக் கட்டுரையையும் படத்தையும் அப்படியே எடுத்தால், அது காப்புரிமைப் பிரச்சினைதான், அனுமதி வேண்டும். அதேபோல, மூலச் செய்தி ஒருவர் மீது பொய்யான குற்றச்சாட்டு வைத்திருந்தால், 'அவர்கள் சொன்னார்கள், நாங்கள் திருப்பிச் சொன்னோம்' என்பது அவதூறு வழக்கிலிருந்து நம்மைக் காப்பாற்றாது.

ஆனால் வாசகருக்கு ஒரு லாபம் உண்டு. மருத்துவமனை உதாரணத்துக்கே திரும்புவோம். நான்கு நாள் கழித்து, அந்த ரெஜிஸ்டர் நகலில் ஒரு பக்கம் வேறு மருத்துவமனையுடையது என்று தெரியவந்து, நாளிதழ் திருத்தம் வெளியிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெயரும் லிங்க்கும் இருந்தால், படித்தவர் அங்கே போய் திருத்தத்தைப் பார்க்கலாம், நம் டெஸ்க்கும் எதைத் திருத்த வேண்டும் என்று தெரிந்துகொள்ளும். 'தகவல் வெளியாகியுள்ளது' என்று எழுதிய பத்து தளங்களில் அந்தப் பழைய பக்கம் அப்படியே கிடக்கும். அதைத் திருத்தச் சொல்லி யாரிடம் கேட்பது என்றுகூட அந்த மருத்துவமனைக்குத் தெரியாது.