தடைக்காலம் வருமுன் ஊராருக்கு ஒரு வேண்டுகோள்

பாம்பன், தங்கச்சிமடம், இராமேஸ்வரம், மண்டபம் பக்கத்து ஊராருக்கு:

நாங்கள் இந்தக் கரையோர ஊர்களில் மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதுகிறவர்கள். சேமிப்பு, கடன், தவணை என்று அடுத்தவர் வீட்டுக் கணக்கை எழுதி எழுதி, எந்த வீட்டில் எப்போது பணம் முட்டும் என்பது எங்களுக்கு ஓரளவு தெரியும். இப்போதெல்லாம் கூட்டத்துக்கு வருகிற அக்காமார் பாஸ்புக்கோடு கிரெடிட் கார்டு ஸ்டேட்மெண்டையும் எடுத்து வருகிறார்கள். அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு கடலுக்குப் போகாது. தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்ந்திருப்பது உண்மை. ஆனால் இரண்டு மாத அரிசி, பருப்பு, கேஸ், மருந்து, ஜூனில் பள்ளி திறக்கும்போது வரும் செலவு எல்லாவற்றுக்கும் அது போதாது; அது கைக்கு வரும் நாளும் நம் கையில் இல்லை. முன்பு இந்த இடைவெளியை நகைக்கடையும் வட்டிக்காரரும் வியாபாரி தரும் முன்பணமும் நிரப்பின. இப்போது கார்டும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டது.

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். மகன் நகரத்தில் வேலை பார்த்தபோது வாங்கிய கார்டு வீட்டில் இருக்கிறது, வரம்பு 40,000. தடைக்காலத்தின் கடைசி மாதத்தில் 30,000 ரூபாய்க்கு மளிகையும் பள்ளிச் செலவும் அதில் போய்விட்டது. ஜூன் 15-க்குப் பிறகு பாடு நன்றாக இருந்து முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டிவிட்டால் ஒரு ரூபாய் வட்டி கிடையாது. அப்படிக் கட்டுகிறவர்களுக்கு கார்டு உண்மையிலேயே உதவிதான்.

கட்ட முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட்மெண்டில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று 1,500 போட்டிருக்கும், அதாவது பாக்கியில் 5 சதவீதம். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த மாத வட்டியைக் கணக்குப் போட்டால்தான் விஷயம் தெரியும். பல கார்டுகளில் வட்டி மாதம் 3.5 சதவீதம். 30,000-க்கு 1,050 ரூபாய் ஆகிறது, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 189 ரூபாய். கட்டிய 1,500-ல் 1,239 வட்டிக்கும் வரிக்கும் போய், கடனில் குறைந்தது 261 ரூபாய் மட்டுமே.

இப்படியே 12 மாதம், புதிதாக எதுவும் வாங்காமல் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், மொத்தம் ஏறக்குறைய 17,000 ரூபாய் கட்டியிருப்பார்கள். பாக்கி அப்போதும் 27,000 இருக்கும். அடுத்த தடைக்காலம் வந்து நிற்கும்போது பழைய தடைக்காலத்து அரிசிக்கே இன்னும் கடன் தீர்ந்திருக்காது. இது பேராசையால் வருவதல்ல. ‘ஒழுங்காகத்தான் கட்டுகிறோமே’ என்று நினைக்கிற வீடுதான் இதில் அதிகம் மாட்டுகிறது.

இன்னொன்றும் பலருக்குத் தெரியவில்லை. பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. கார்டைத் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தாலும் அப்படித்தான். எடுப்பதற்கென்று தனிக் கட்டணமும் உண்டு. பல வங்கிகளில் அது குறைந்தது 500 ரூபாய். ஐஸுக்கோ டீசலுக்கோ 3,000 ரூபாய் எடுத்தாலும் அந்த 500-ஐக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

அதே 30,000 ரூபாயை ஓவர்டிராஃப்ட், அதாவது வங்கியில் ‘ஓடி’ என்கிறார்களே, அதில் 12 சதவீத வட்டிக்கு 60 நாள் வாங்கியிருந்தால் வட்டி சுமார் 600 ரூபாய். எடுத்த தொகைக்கு, எடுத்து வைத்திருந்த நாட்களுக்கு மட்டும்தான் வட்டி. மீனவருக்கான கிசான் கிரெடிட் கார்டும் கிட்டத்தட்ட இந்த மாதிரிதான், போட்டு எடுக்கும் கணக்கு. பெயரில் கிரெடிட் கார்டு என்று இருப்பதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதில் வட்டி 7 சதவீதம், சொன்ன காலத்தில் கட்டினால் 4 தான். ஜன்தன் கணக்கு இருந்தால் வீட்டில் ஒருவருக்கு, பெரும்பாலும் பெண்ணுக்கு, 10,000 வரை ஓடி கேட்கலாம். 2018-ல்தான் இதை 5,000-லிருந்து உயர்த்தினார்கள். கணக்கு ஆறு மாதமாவது நன்றாக நடந்திருக்க வேண்டும். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள், அதனால் போய்க் கேளுங்கள்.

ஓடியும் சும்மா இல்லை. ஒரு கணக்கில் தொடர்ந்து 90 நாட்களுக்குப் பணமே வரவில்லை என்றாலும், வந்தது ஏறிய வட்டிக்கே போதவில்லை என்றாலும் வங்கி அதை வாராக்கடன் பக்கம் தள்ளிவிடும். மாதச் சம்பளக்காரருக்கு இந்த 90 நாள் பெரிய விஷயமில்லை. நமக்கு அப்படியில்லை. தடைக்காலமே 61 நாள். அதன்பின் இஞ்சின் பழுது, இலங்கைக் கடற்படை படகைப் பிடித்தது, அதற்காக ஒரு வேலைநிறுத்தம் என்று ஒரு மாதம் போனால் 90 தாண்டிவிடும். அதனால் ஓடி வைத்திருப்பவர்கள் தடைக்காலத்துக்கு நடுவில் வட்டித் தொகையையாவது கணக்கில் போடுங்கள். நிவாரணப் பணத்தில் முதலில் அதைப் பிரித்து வைத்துவிடுங்கள்.

ஓடி உதவுகிறதா, கழுத்தைப் பிடிக்கிறதா என்பதை ஒரே பக்கத்தில் பார்த்துவிடலாம். வருடக் கணக்கை எடுத்துப் பாருங்கள். பாக்கி ஒரு நாளாவது பூஜ்ஜியத்தைத் தொட்டிருக்கிறதா? தொட்டிருந்தால் அது இடைவெளிக் கடன்தான். வருடம் முழுக்க வரம்பை ஒட்டியே நின்றால், அந்த வீட்டின் செலவு வருமானத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். வரம்பை உயர்த்துவதால் அது சரியாகாது. அப்படிப்பட்ட வீட்டுக்கு, தவணையும் முடிவு தேதியும் உள்ள குழுக்கடனாக மாற்றிக்கொள்வதே நல்லது என்பது எங்கள் எண்ணம்.

‘கார்டு வரம்பை உயர்த்தித் தருகிறோம்’ என்று போன் வந்தால், உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் உயர்த்தக்கூடாது என்பது 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. வேண்டாம் என்றே சொல்லலாம். இருக்கிற வரம்பைக் குறைக்கவும் எழுதிக் கேட்கலாம். எங்கள் யோசனை, ஒரு நல்ல மாதத்துப் பங்குப் பணத்தில் முழுதாகக் கட்டிவிடக்கூடிய அளவுக்கு மேல் வரம்பு வேண்டாம். கார்டு தேவையில்லை என்று மூடக் கேட்டு, பாக்கியையும் கட்டிவிட்டால், ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும்; தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். வங்கியிடம் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in தளத்தில் புகாரைப் பதியலாம். வழி தெரியாவிட்டால் 14448 எண்ணில் விசாரிக்கலாம்.

கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். கார்டைத் தேய்த்து, கமிஷன் பிடித்துக்கொண்டு ரொக்கம் தருவதை நிறுத்துங்கள். கார்டு விதிக்கு அது முரண் என்பது ஒருபுறம். அப்படிப் பணம் வாங்கிப் போகிற வீட்டுக்கு அந்தக் கமிஷனோடு கார்டு வட்டியும் சேர்கிறது.

மார்ச் மாதக் குழுக் கூட்டத்துக்கு எல்லோரும் கடைசி ஸ்டேட்மெண்டை எடுத்து வாருங்கள். தமிழில் படித்துச் சொல்லி, யாருக்கு என்ன வட்டி ஓடுகிறது என்று போட்டுத் தருகிறோம். கார்டு நம்பரை மறைத்துவிட்டுக் கொண்டுவாருங்கள், ஓடிபி எதையும் எங்களிடமும் சொல்லாதீர்கள்.