660-ஆ, 320-ஆ?

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒருத்தர் ஒரு பெட்டி தக்காளிக்கு 340 ரூபாய் கொடுக்கணும்னு வைத்துக்கொள்ளுங்கள். வாலட்டில் 1000 இருக்கு. பணம் அனுப்பும் பட்டனை அழுத்துகிறார். வட்டம் சுத்துது, 10 விநாடியில் "Payment failed". மறுபடி அழுத்துகிறார், போய்விட்டது. இப்போ மீதி 660-ஆ, 320-ஆ?

நம்ம ஃபைனல் இயர் வாலட் புராஜெக்ட்டுகளில் இதற்குப் பதில் கிடைக்காது. சரியான பின், தப்பான பின், பேலன்ஸ் பத்தாது: இந்த மூணையும் டெஸ்ட் செய்து "Pass" போட்டுவிடுகிறோம். எங்க டீமும் அப்படித்தான் போட்டது.

அந்த 10 விநாடியில் இரண்டில் ஒன்று நடந்திருக்கலாம். கோரிக்கை சர்வருக்குப் போகாமலே தொலைந்திருக்கலாம். இல்லை, சர்வர் பணத்தைக் கழித்தபிறகு பதில் மட்டும் திரும்பி வராமல் போயிருக்கலாம். போனுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் அங்கே "failed" என்று காட்டுவதே தப்பு. "Pending" என்று காட்டிவிட்டு, சர்வரிடம் நிலவரம் கேட்கணும்.

இதை டெஸ்ட் பண்ண லேப்டாப் போதும். சர்வரில் பணம் கழித்து commit ஆன பிறகு, பதில் அனுப்பும் முன்னாடி 30 விநாடி sleep வையுங்கள். ஆப் 10 விநாடியில் கைவிடும். மறுபடி அழுத்திவிட்டு, திரையை விட்டுவிட்டு டேட்டாபேஸில் எத்தனை வரிசை விழுந்திருக்கு என்று எண்ணுங்கள். எங்களுக்கு இரண்டு விழுந்தது. request_id வைத்திருந்தோம்தான். ஆனா அதை அனுப்பும் ஃபங்ஷனுக்குள்ளேயே உருவாக்கினதால், ஒவ்வொரு ரீட்ரைக்கும் புது எண். பில் திரை திறக்கும்போதே ஒருமுறை உருவாக்கி, போனில் சேமித்துவிட்டு, அதையே திரும்பத் திரும்ப அனுப்பணும்.

அடுத்து, sleep-ஐ "இந்த எண் ஏற்கெனவே இருக்கா" என்ற சோதனைக்கும் பணம் கழிப்பதற்கும் நடுவில் நகர்த்துங்கள். ஒரே எண்ணில் இரண்டு கோரிக்கை சேர்ந்து வந்தால், இரண்டுமே "இல்லை" என்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடும். if போட்டு இதைத் தடுக்க முடியாது, டேபிளே மறுக்கணும்:

```sql
ALTER TABLE txn
  ADD UNIQUE (payer_id, request_id);
```

இந்த வரிசையைச் சேர்ப்பதும் பணம் கழிப்பதும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் இருக்கணும். இரண்டாவது கோரிக்கைக்கு எரர் அனுப்பாமல், முதல் கோரிக்கையின் முடிவையே திருப்பிக் கொடுக்கணும்.

"ரிசர்வ் பேங்க் இருக்கே" என்பீர்கள். 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, ஒருத்தருக்கு அனுப்பிய பணம் கழிந்தும் அவருக்குச் சேராவிட்டால், அடுத்த நாளைக்குள் திரும்பணும். தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய். ஆனா இங்கே இரண்டு 340-ம் கடைக்காரருக்குச் சேர்ந்துவிட்டது. சிஸ்டம் கணக்கில் இரண்டுமே வெற்றி. அவர்தான் பார்த்துத் திருப்பித் தரணும்.

சிலர் குறுக்குவழி வைக்கிறார்கள்: அதே ஆள், அதே தொகை, இரண்டு நிமிடத்துக்குள் வந்தால் மறுத்துவிடு. மார்க்கெட்டில் ஒரு பெட்டி வாங்கியவர், காய் நல்லா இருக்குன்னு திரும்பி வந்து இன்னொன்று வாங்குவார். அதுவும் 340 தான்.