எழுதியவரே ஒப்புதல் தரலாமா?

திருவனந்தபுரம் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் ஒரு டெண்டர் அறிவிப்பு ஏறப்போவதாக வைத்துக்கொள்வோம். யார் எழுதுவது, யார் சரிபார்ப்பது, யார் ஒப்புதல் தருவது என்று அரசுத் தளங்கள் எழுத்தில் வகுத்துக்கொள்ள வேண்டும் என்பது மத்திய அரசின் வழிகாட்டி நெறி.

முறைப்படி, எழுத்தர் வரைவை மட்டும் சேமிப்பார். வெளியிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. மேலதிகாரி கடைசித் தேதியையும் தொகையையும் மூலக் கோப்போடு ஒப்பிட்டு ஒப்புதல் தருவார். நிர்வாகியின் வேலை கணக்குகளைத் திறப்பதும், மாற்றலாகிப் போனவரின் கணக்கை மூடுவதும்தான். வாசகத்தில் அவர் கைவைப்பதில்லை.

ஏற்பாடு குலைவது பெரும்பாலும் விடுமுறை நாளில். அதிகாரி தன் பாஸ்வேர்டை எழுத்தரிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். பிறகு எல்லா ஒப்புதலும் அவர் பெயரில்தான். பார்த்தது யாரும் இல்லை. இதைப் பதிவேடு காட்டிக்கொடுக்கும்: வரைவும் ஒப்புதலும் ஒரே கணினியிலிருந்து, ஒரு நிமிட இடைவெளியில் பதிவாகியிருக்கும். தேவை, விடுப்புக் காலத்துக்கு மட்டும் அதிகாரம் பெறும் இரண்டாவது ஒப்புதல் அதிகாரி.

இன்னொரு ஓட்டை உண்டு. ஒப்புதலான பக்கத்தில் பிறகு ஒரு தேதியைத் திருத்தினாலும், அது மீண்டும் வரைவாகி ஒப்புதலுக்குத் திரும்ப வேண்டும். அப்படி அமைக்காவிட்டால், முதல் ஒப்புதலுக்கே அர்த்தமில்லை.