சாயம் போகும் என்று சொல்லி விற்போம்



சென்ற ஷவ்வால் மாதம் எங்கள் மக்தபில் புதிய வகுப்புகள் தொடங்கியபோது, மாணவியர் அனைவரும் ஒரே விதமான கறுப்பு மக்கனா அணிய வேண்டும் என்று முடிவு செய்தோம். துணியைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். நல்ல கறுப்பு, மெல்லிய பருத்தி, விலையும் குறைவு. அந்தத் திருப்தியோடு 40 மக்கனாக்களை வாங்கி வந்து பிள்ளைகளுக்கு வழங்கினோம்.

இரண்டு வாரங்கள் கழிந்திருக்கும். ஆண் பிள்ளைகள் வகுப்பில் ஒரு மாணவனின் வெள்ளைத் தொப்பி என் கண்ணில் பட்டது. வெளிப்புறம் மங்கியிருந்தது, உள் துணியோ சாம்பலும் நீலமுமாகத் திட்டுத் திட்டாகக் கறை படிந்திருந்தது. தூய்மையைப் பற்றி அன்றுதான் பாடம் நடத்தியிருந்தேன். எல்லோர் முன்னிலையிலும் அவனைக் கண்டித்துவிட்டேன். அவன் பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டான்.

மறுநாள் அவனுடைய தாயார் வந்தார். "ஹஜ்ரத், அது அழுக்கு இல்லை. தங்கச்சியோட மக்கனாவையும் அவன் தொப்பியையும் ஒரே வாளியில ஊற வச்சேன். உப்புப் போட்டா சாயம் போகாதுன்னு சொன்னாங்க, உப்பும் போட்டேன்" என்றார். அதே துணியில் தமக்கும் ஒரு மக்கனா தைத்திருந்தாராம். அதை ஒரு முறை அலசி, அணிந்து வண்டி ஓட்டிச் சென்றதில் தலைக்கவசத்தின் உட்பஞ்சு உறையும் கறுத்துப் போயிருந்தது. நான் தேர்ந்தெடுத்த துணியின் குறைக்காக அவருடைய மகனை நான் கண்டித்திருக்கிறேன். அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுத வைத்தது.

இது எப்படி நேர்கிறது? பருத்திக்குப் பெரும்பாலும் இடப்படும் சாயம் நூலோடு வேதிப் பிணைப்புக் கொள்ளும் வகையைச் சேர்ந்தது. ஆனால் தொட்டியில் இடும் சாயம் முழுவதும் அவ்வாறு பிணைவதில்லை. ஒரு பகுதி தண்ணீரோடு வினைபுரிந்து, பிணையும் ஆற்றலை இழந்து, நூலின்மேல் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கும். சாயப்பட்டறையில் சூடான சோப்பு நீரில் பல முறை அலசி அதை நீக்க வேண்டும். அடர்ந்த கறுப்புக்குச் சாயம் மிகுதியாகத் தேவைப்படுவதால் எஞ்சுவதும் மிகுதி. தண்ணீரும் விறகும் நேரமும் மிச்சமாகட்டும் என்று அந்த அலசலைக் குறைத்துவிட்டால், பட்டறையில் வெளியேற வேண்டிய சாயம் நம் வீட்டு வாளியில் வெளியேறுகிறது.

உப்பு அதைத் தடுக்காது. சாயத்தொட்டியில் உப்பிடுவது சாயத்தை நூலின் பக்கம் தள்ளுவதற்காக. வீட்டில் உப்பிட்டால் ஒட்டாத சாயம் அந்த ஒரு சலவையில் சற்றுக் குறைவாக வெளிவரலாம். மீதி அடுத்த சலவைக்குக் காத்திருக்கும். வினிகரும் இவ்வகைச் சாயத்தைப் பருத்தியில் நிலைநிறுத்தாது.

கறை பெரும்பாலும் வாளியில் மட்டும் ஏற்படுவதில்லை என்பதையும் அறிய வேண்டும். ஓடும் நீரில் சாயம் நீர்த்திருக்கும். ஈரத்துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைக்கும்போதுதான் சாயம் செறிந்த நீர் அடுத்த துணிக்குள் ஏறுகிறது. தொப்பியின் உள் துணியும் நெற்றிப்பட்டியும் பல மடிப்புகளாகத் தைக்கப்பட்டவை, கடைசியாகக் காய்பவை. ஈரம் எங்கே கடைசியாகத் தங்குகிறதோ அங்கே சாயமும் சேர்ந்து கோடாகப் படிகிறது. தலைக்கவசத்துக்குள் வாளியே தேவையில்லை. வியர்வையும் வெப்பமும் உரசலும் சேர்ந்து அதே வேலையைச் செய்துவிடுகின்றன.

மீதமிருந்த மக்கனாக்களில் ஒன்றை வீட்டிற்கு எடுத்துச் சென்று பார்த்தேன். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் உள் மடிப்பில் 10 முறை அழுத்தித் தேய்த்ததும் கைக்குட்டை கறுத்தது. கொதிநீரையும் குழாய் நீரையும் சம அளவில் கலந்து, சோப்புத் தூள் இட்டு, மக்கனாவை மட்டும் அதில் போட்டு, ஊறவிடாமல் கோலால் 10 நிமிடம் கிளறி, உடனே எடுத்து அலசினேன். முதல் நீர் மை போலிருந்தது. நான்காம் முறைதான் நீர் தெளிந்தது. காய்ந்தபின் மீண்டும் தேய்த்துப் பார்த்தபோது கைக்குட்டையில் இலேசான நிழல் மட்டுமே விழுந்தது. கறுப்பு குறையவில்லை, ஒட்டாத சாயமே போயிருக்கிறது. இந்தச் சூடு பருத்திக்கே உரியது. ஷிஃபான், ஜார்ஜெட் போன்ற செயற்கை இழைத் துணிகளை வெதுவெதுப்பான நீரில்தான் அலச வேண்டும்.

கறை பட்ட தொப்பியைக் காயவிடாமலும் இஸ்திரி போடாமலும் கவனித்தால் பெரும்பகுதி நீங்கும். வெள்ளைப் பருத்தியாயின் சூடான நீரில் ஆக்சிஜன் வகை வெண்மைத் தூளைக் கரைத்துச் சில மணி நேரம் ஊறவைக்கலாம். அந்த மாணவனின் தொப்பி அப்படித்தான் ஏறக்குறைய வெளுத்தது. பட்டியின் ஓரத்தில் மட்டும் ஒரு கோடு எஞ்சியது. தலைக்கவசத்தின் உறை கழற்றக்கூடியதாயின் தனியே வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசி நிழலில் உலர்த்தலாம். கழற்ற முடியாததாயின் ஈரப்பஞ்சால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கறையை எடுக்கப் பெட்ரோலோ தின்னரோ தொட வேண்டாம். அவை தலையைக் காக்கும் உள் தெர்மோகோலை அரித்துவிடும்.

சில தாய்மார்கள் கேட்ட ஐயத்திற்கும் விடை சொல்லிவிடுகிறேன். சாயக்கறை நஜீஸ் அல்ல. அந்தத் தொப்பியுடன் தொழலாம். நெற்றியிலோ முடியிலோ ஏறிய நிறம், மருதாணியின் நிறத்தைப் போல், படலமாக நின்று தண்ணீரைத் தடுக்காதவரை உளூவுக்கும் இடையூறில்லை.

ஆனால் மார்க்கம் இங்கே வேறோர் இடத்தில் நம்மைக் கேள்வி கேட்கிறது. கடைக்காரரிடம் சென்று சொன்னபோது அவர், "கறுப்புன்னா முதல்ல சாயம் போகத்தான் செய்யும் ஹஜ்ரத், இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார். அவரும் மொத்த வியாபாரியிடம் வாங்கி விற்பவர். ஒவ்வொரு துணியையும் அலசிப் பார்க்க அவரால் இயலாது என்பதும் உண்மையே. எனினும் எனக்கு அந்தப் பதில் போதவில்லை. கடைத்தெருவில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்ட நிகழ்ச்சி நாம் அறிந்ததே. மழை பெய்து நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மழை அவர் குற்றமன்று. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்காததையே நபியவர்கள் கண்டித்தார்கள். அதுபோலவே, சாயம் ஒட்டாமல் போனது கடைக்காரரின் குற்றமன்று. ஒரு நிமிடத்தில் ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்து, "முதல் நான்கு சலவை தனியாக" என்று ஒரு துண்டுச் சீட்டு வைப்பது அவர் கடமை. எல்லோருக்கும் தெரியுமென்றால், அந்தத் தாயாருக்கு ஏன் தெரியவில்லை?

இந்தக் கேள்வி எனக்கும் உரியதே. வாங்கி வழங்கியவன் நான். எனவே 40 வீடுகளுக்கும் சீட்டு அனுப்பினோம். தொப்பி கறைபட்ட பிள்ளைகளுக்கு மக்தப் செலவில் புதிய தொப்பி கொடுத்தோம். எல்லோர் முன்னிலையிலும் கண்டித்த மாணவனிடம், எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்பும் கேட்டேன். புதிய தொப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோடு விழுந்த பழைய தொப்பியையே அவன் இன்றும் அணிந்து வருகிறான்.