ஊரின் பெயர் தமிழில்தான் இருக்கிறது

பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பிலிருந்து ஓசூர் சாலையில் தெற்கே போகிறவர்கள், தலைக்கு மேலே நிற்கும் பச்சைப் பலகையில் Hosur என்று படிக்கிறார்கள். கூடவே கன்னடத்தில் ஹொசூரு. அத்திப்பள்ளியைத் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் போனதும் அதே ஊர் தமிழில் ஓசூர் ஆகிவிடுகிறது; சில பலகைகளில் ஒசூர். கன்னடத்தில் ‘ஹொச’ என்றால் புதிய. ஆக ஹொசூர் என்பது புதூர்தான். முதலில் நின்ற ஹகரத்தைத் தமிழர் நாக்கு உதிர்த்துவிட்டது, ஆங்கில எழுத்து மட்டும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. இந்த வட்டாரத்தில் இன்னும் இரண்டு ஊர்களின் கதையும் இதே. ஒகேனக்கல் பலகையில் Hogenakkal, அரூர் பலகையில் Harur. பலகையில் H இருக்கிறதே என்று தமிழ்ப் பட்டியலில் ‘ஹ’ வரிசையில் தேடுகிறவருக்கு மூன்றில் ஒன்றுகூடக் கிடைக்காது.

இது இன்று வெறும் பேச்சுவழக்குச் சுவாரசியமாக நின்றுவிடவில்லை. சாலைகளைப் படம் பிடித்து, படத்தில் உள்ள பலகையைக் கணினியால் படித்து, படித்த பெயரை ஊர்ப் பட்டியலில் உள்ள ஒரு பெயரோடு பொருத்தி, அதை வைத்து வழி சொல்வது பெங்களூரில் ஒரு பெரிய தொழில். தெருக்களை வண்டியில் வைத்த கேமராவால் படம் பிடிக்கும் கூகுளின் திட்டம் இந்தியாவில் 2011-ல் தொடங்கியதே இந்த நகரத்தில்தான். காவல்துறை நிறுத்தச் சொன்ன பிறகு, 2022-ல் மீண்டும் வந்தது. இங்கே எடுக்கப்படும் முடிவு சேலத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் ஓட்டுநரையும், திருவண்ணாமலைக்குப் பௌர்ணமிக்குக் கிளம்பும் குடும்பத்தையும் தொடுகிறது. அந்த முடிவில் ஒரு அடிப்படைப் பிழை இருக்கிறது என்பது நம் கருத்து. ஆங்கில எழுத்துக்கூட்டலை ஊரின் அடையாளமாக எடுத்துக்கொள்வதுதான் அந்தப் பிழை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இரண்டு சொற்கள் ஒன்றா என்று கண்டுபிடிக்கக் கணினிக்காரர்கள் முதலில் கையில் எடுப்பது, ஒன்றை மற்றொன்றாக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்ற எண்ணிக்கையை. திருவள்ளூரை ஒரு பலகையில் Tiruvallur என்றும் இன்னொன்றில் Thiruvalloor என்றும் எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு h சேர்க்க வேண்டும், ஒரு u-வை o ஆக்க வேண்டும், இன்னொரு o சேர்க்க வேண்டும். மூன்று மாற்றம். இப்போது Tiruvallur-ஐ Tiruvarur ஆக்கிப் பாருங்கள். ஒரு l-ஐ r ஆக்கி, மற்ற l-ஐ எடுத்துவிட்டால் போதும். இரண்டே மாற்றம். அதாவது, சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் திருவள்ளூருக்கு, அதே ஊரின் இன்னொரு எழுத்துக்கூட்டலைவிடக் காவிரிப் படுகையில் இருக்கும் திருவாரூர்தான் நெருங்கிய சொந்தம் என்று இந்தக் கணக்கு சொல்கிறது.

ஒலியை வைத்துப் பொருத்துவதற்கென்று 1918-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற Soundex என்ற பழைய முறை ஒன்று உண்டு. ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்காகச் செய்தது. அது முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்றவற்றை எண்ணாக்கும். Hosur அதில் H260. உள்ளூர்க்காரர் ஒருவர் கையால் எழுதிய Osur அதில் O260. முதல் எழுத்திலேயே இரண்டும் பிரிந்துபோகின்றன. நம் பெயர்களுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது.

நம் பெயர்களுக்கு நம் ஒலிகளிலிருந்துதான் விதி எழுத வேண்டும். தகரத்தை t என்றும் எழுதுகிறார்கள், th என்றும் எழுதுகிறார்கள். ஆகவே th வந்தால் t என்று கொள்ளலாம். ழகரத்துக்கு zh எழுதுகிறவர் உண்டு, l எழுதுகிறவர் உண்டு. வாழப்பாடி Vazhapadi, Valapady என்று இரண்டு விதமாகவும் வருவது அதனால்தான். oo-வும் u-வும் ஒன்று, ee-யும் i-யும் ஒன்று, இரட்டித்த எழுத்தை ஒற்றையாக்கு, சொல்லின் முதலில் நிற்கும் h-ஐ விட்டுவிடு. இப்படிச் சுருக்கினால் Tiruvallur, Thiruvalloor இரண்டும் tiruvalur என்று ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். திருவாரூர் tiruvarur என்று தனியாக நிற்கும். l-க்கும் r-க்கும் நடுவே நம் எழுத்துக்கூட்டலில் கொடுக்கல் வாங்கல் கிடையாது என்பதால் அந்த ஒரு எழுத்து வித்தியாசத்துக்கு முழு மதிப்பு கொடுக்கலாம். முதல் சிக்கல் தீர்ந்தது.

ஆனால் சுருக்கச் சுருக்க வேறொரு ஆபத்து வருகிறது. வேலூரிலிருந்து பிரித்து 2019-ல் உருவான மாவட்டத்தின் தலைநகர் திருப்பத்தூர். சிவகங்கை மாவட்டத்தில் இன்னொரு திருப்பத்தூர். திருச்சிக்கு அருகே, சிறுகனூரிலிருந்து பிரியும் சாலையில், பிரம்மா சந்நிதிக்காகக் கூட்டம் கூட்டமாக மக்கள் போகும் திருப்பட்டூர். Tirupattur, Thirupathur, Tiruppattur, Thirupattur என்று இந்த மூன்று ஊர்களுக்கும் மாறி மாறி எழுதுகிறார்கள். நம் விதியில் எல்லாமே tirupatur. பெங்களூரிலிருந்து பிரம்மாவைப் பார்க்கக் கிளம்பும் குடும்பம் கிருஷ்ணகிரியில் சேலம் பக்கம் போவதற்குப் பதிலாகப் பர்கூர் பக்கம் திரும்பிவிட இந்த ஒரு சொல் போதும்.

இங்கே பலகைதான் கை கொடுக்கும், முழுப் பலகையையும் படித்தால். கிருஷ்ணகிரியை ஒட்டி எடுத்த படத்தில் Tiruppattur 40 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படம் எடுத்த இடம் கேமராவிலேயே பதிவாகியிருக்கும். அங்கிருந்து திருச்சிப் பக்கத்துத் திருப்பட்டூர் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால். சிவகங்கைத் திருப்பத்தூர் அதைவிடவும் தூரம். நாற்பது என்ற எண் இரண்டையும் தள்ளிவிடுகிறது. மிஞ்சுவது ஒன்றுதான். பெயரைப் பல விதமாக எழுதும் ஒப்பந்தக்காரர்கூடத் தூரத்தை நூறு இருநூறு கிலோமீட்டர் மாற்றி எழுத மாட்டார். அதே பலகையில் மேலும் கீழும் உள்ள ஊர்ப் பெயர்களும் இப்படியே சாட்சி சொல்லும். பெயரை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு எண்ணைக் குப்பையில் போடுகிற வேலைமுறை, கையில் இருக்கும் சாட்சியைக் கூண்டில் ஏற்றாமல் தீர்ப்பு எழுதுவதற்குச் சமம்.

இதற்கெல்லாம் முன்பாகப் பார்க்க வேண்டிய வரி ஒன்று அதே பலகையில் இருக்கிறது. தமிழ் வரி. அதில் திருப்பத்தூருக்குத் தகரம், திருப்பட்டூருக்கு டகரம், இந்த இரண்டுக்கும் நடுவே குழப்பமே இல்லை; ஒரே பெயர் கொண்ட இரண்டு திருப்பத்தூர்களைப் பிரிக்க மட்டும் தூரம் வேண்டும். ஓடும் வண்டியிலிருந்து எடுத்த படத்தில் தமிழைப் படிப்பது கடினம் என்று தொழிலில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். தொலைவில் மெய்யெழுத்தின் புள்ளி மறைந்துபோகும். துணைக்கால் ரகரமாகத் தெரியும். இரவில் வண்டி வெளிச்சம் பட்டுப் பலகை பளிச்சிட்டால் ளகரமும் னகரமும் ஒன்று போல இருக்கும். ஆனால் புள்ளியெல்லாம் போன பிறகு மிஞ்சும் ‘திருவளளூர’ என்ற எழுத்துக் கோவையைப் பாருங்கள். தமிழ்நாட்டின் ஊர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு அதைத் திருவாரூர் என்று யாரும் படித்துவிட முடியாது. தமிழ் வரி சிதைந்தாலும் தன் ஊரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. கர்நாடக எல்லைக்குள் தமிழ் வரி இருக்காது. அங்கே கன்னட வரி அந்த வேலையைச் செய்யும். கன்னடத்தில் தகரமும் டகரமும் வேறு, லகரமும் ளகரமும் வேறு, குறிலும் நெடிலும் வேறு. ழகரம் இன்று வழக்கில் இல்லை என்பது ஒன்றுதான் குறை. தமிழ் எழுத்துகளைக் கணினி படிக்கும் ஆய்வு இதே நகரத்து இந்திய அறிவியல் கழகத்தில் நெடுங்காலமாக நடந்து வந்திருக்கிறது. அறிவு பக்கத்திலேயே இருக்கிறது. ஆங்கில வரியே போதும் என்ற அவசரம்தான் தடை.

எல்லாப் பலகையிலும் ஒரே எழுத்துக்கூட்டலை அரசு கட்டாயமாக்கினால் தீர்ந்ததே என்று கேட்பார்கள். தமிழ்நாடு அரசு 2020 ஜூன் மாதம் அதைச் செய்து பார்த்தது. 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியானது. கோயம்புத்தூர் Koyampuththoor ஆயிற்று. வேலூர் Veeloor ஆயிற்று. அதைப் படித்த வேலூர்க்காரர்களே ‘வீலூர்’ என்றார்கள். எதிர்ப்பு எழுந்து, அந்த மாதமே ஆணை திரும்பப் பெறப்பட்டது. நோக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. தமிழ்ப் பெயர் தமிழ் ஒலியோடு ஒலிக்க வேண்டும் என்ற ஆசை நம்முடையதும்தான். ஆனால் ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்துக்குள் ஏகாரத்தையும் ழகரத்தையும் எல்லோரும் ஒரே மாதிரி படிக்கும்படி அடைக்க முடியாது. அப்படியே அடைத்தாலும் பழைய பத்திரம், பழைய பலகை, பத்து ஆண்டுக்கு முன் எடுத்த படம் எதுவும் மாறப்போவதில்லை. புது எழுத்துக்கூட்டல், ஏற்கெனவே உள்ள ஐந்தோடு ஆறாவதாகச் சேரும்.

ரயில்வே இதை வெகு காலத்துக்கு முன்பே புரிந்துகொண்டது. திருவள்ளூர் நிலையத்துக்கு TRL, திருவாரூர் சந்திப்புக்கு TVR. பலகையில் t எழுதினாலும் th எழுதினாலும் இந்த மூன்றெழுத்து மாறாது. பெங்களூரு நகர நிலையத்துக்குச் சங்கொள்ளி ராயண்ணா பெயர் வைத்த பிறகும் SBC அப்படியே இருக்கிறது. ஊர்களுக்கும் இதே வழிதான் வேண்டும். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் கிராமங்கள் வரை ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து வைத்திருக்கிறது. அந்த எண்ணுக்கு நேரே தமிழ் எழுத்தில் ஒரே பெயரை எழுதி, அதன் கீழே பலகைகளில் கிடைத்த எழுத்துக்கூட்டல் அத்தனையையும் தொகுத்து, தமிழ்நாடு அரசு எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி இலவசமாக வெளியிட வேண்டும். தவறு என்று எதையும் தூக்கிப் போடக்கூடாது. தவறான பலகையும் நின்றுகொண்டுதான் இருக்கிறது, வழிப்போக்கர் அதையும்தான் பார்க்கிறார். விதியால் பிடிக்க முடியாத பெயர்களைத் தனியாகக் குறிக்க வேண்டும். எழும்பூரின் Egmore, தூத்துக்குடியின் Tuticorin, திண்டுக்கல்லின் Dindigul எல்லாம் எந்தச் சுருக்கு விதிக்கும் அடங்காதவை. பட்டியலில் இருந்தால்தான் உண்டு.

பெங்களூரின் வரைபட நிறுவனங்களிடம் நாம் கேட்பது இரண்டு. பலகையின் தமிழ் வரியையோ கன்னட வரியையோ முதலில் படியுங்கள், ஆங்கில வரியைத் துணைக்கு வையுங்கள். இடமும் தூரமும் ஒத்துவராதபோது கணினியை ஊகிக்க விடாமல், அந்தப் படத்தை ஊர் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். அத்திப்பள்ளியைத் தாண்டியதும் முதலில் வரும் ஜூஜூவாடியிலேயே இதைத் தொடங்கலாம். பலகையில் ஒரு பக்கம் Zuzuvadi, கடைவாசலில் Juzuvadi என்று நிற்கும் அந்த ஊருக்கு, அங்கே தேநீர் ஆற்றுகிறவர் முதல் பள்ளிப் பிள்ளை வரை சொல்லும் பெயர் ஒன்றுதான்.