சுவாதீனமும் ஒரு சாவிக்கொத்தும்

"மேற்படி ஷெட்யூல் சொத்தை இந்த அறிவிப்பு கிடைத்த 15 தினங்களுக்குள் காலி செய்து சுவாதீனத்தை ஒப்படைக்கவும். தவறும் பட்சத்தில் தங்கள் செலவு நஷ்டத்தில் தக்க சிவில், கிரிமினல் நடவடிக்கை எடுக்கப்படும்."

எங்க காம்பவுண்டில் நாலு குடித்தனத்துக்கும் ஓனர் கொடுத்த கடுதாசி இது. மனுஷர் நல்லவர்தான், வீட்டை இடிச்சுக் கட்டப் போறார், அவ்வளவுதான். ஏதோ பழைய மாதிரியைப் பார்த்து எழுதியிருக்கிறார். கீழ்வீட்டுப் பாட்டி "ஏம்ப்பா, போலீஸ் வருமா?"ன்னு கேட்டாங்க.

எளிமையா மாத்தி எழுதுங்க சார் என்றால் "சட்டம் போயிடும்" என்கிறார். போகாது. 'சுவாதீனம்' என்பதை எடுத்துக்கோங்க. அதுக்குப் பதிலா வெறும் 'காலி செய்யவும்' என்று போட்டால்தான் சிக்கல். சாமானை ஏத்திட்டு, ரெண்டு பெட்டியை உள்ளே வைத்துப் பூட்டி சாவியோடு ஊருக்குப் போனவர் காலி செய்தாரா இல்லையா? 'சுவாதீனம்' அதுக்கும் சேர்த்துத்தான். ஆக, "சாமான்களை எடுத்துக்கொண்டு எல்லாச் சாவிகளையும் என் கையில் கொடுங்கள்." நீளம் கூடிடுச்சு, பரவாயில்லை, சண்டை குறையும்.

அடுத்தது 15 தினங்கள். இது 1882-ம் வருட சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ம் பிரிவு சொல்லும் கெடு. மாத வாடகைக்கு, ஒப்பந்தத்தில் வேறு கெடு இல்லாவிட்டால்தான் அது. எங்க அக்ரிமெண்டிலோ ரெண்டு மாசம்னு தெளிவா இருக்கு! "கிடைத்த தினத்திலிருந்து" என்று எழுதினால் நாலு வீட்டுக்கும் நாலு கெடு வேற. தேதியைப் போடுங்க. ஜூன் 1-ல் கையில் கொடுத்தால், "ஆகஸ்ட் 1-க்குள்" என்று எழுதலாம். அப்படி எழுத உட்கார்ந்தபோதுதான் ஓனரே அக்ரிமெண்டை எடுத்துப் பார்த்தார். (15 நாள் போட்டது அப்போதான் அவருக்கே தெரியும்.)

கடைசி வரிதான் எனக்குக் கோபம். வாடகை ஒழுங்கா கொடுக்கிறவங்க மேல என்ன கிரிமினல்? காலி செய்யலைன்னா ஓனர் செய்யக்கூடியது வாடகை நீதிமன்றத்தில் மனு போடுவது. தமிழ்நாட்டில் 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி வழி அதுதான். பூட்டுப் போடவோ தண்ணியை நிறுத்தவோ முடியாது. "வாடகை நீதிமன்றத்தில் மனு செய்வேன்" என்று எழுதினால் பயம் காட்ட முடியாது, ஆனால் உண்மை இருக்கும். 'தக்க நடவடிக்கை' பிடிக்கிறவங்களுக்கு அதில் பிடிச்சதே அந்த மூட்டம்தானோ என்னவோ.

முன்பணத்துக்கு "சகல பாத்தியதைகளும் நீக்கி மீதியுண்டாகில்" என்று ஒரு வரி. பாட்டியோட அட்வான்ஸ் 40,000. அதுக்கு இப்படி: "கரண்ட் பில் பாக்கி இருந்தால் கழித்துக்கொண்டு, மீதியைச் சாவி வாங்கும்போதே தருவேன்."

கை வைக்கக் கூடாத இடமும் உண்டு. கதவு எண், பெயர், தொகை எல்லாம் அக்ரிமெண்டில் உள்ளபடியே இருக்கணும். அங்கே 'முதல் தளம், வடக்குப் பகுதி' என்று இருப்பதை இங்கே 'மாடி வீடு' என்று எளிமையாக்கினால், எங்க காம்பவுண்டில் மாடி வீடு ரெண்டு.