கடாம் என்றால் கசிவா?

ஜவ்வாது மலையில் பிறந்து செங்கம் வழியாக ஓடிப் பாலாற்றில் கலக்கும் செய்யாற்றுக்குத் தமிழில் ஒரு பழைய சாட்சி உண்டு. பத்துப்பாட்டின் கடைசிப் பாட்டான மலைபடுகடாம் இதைச் சேயாறு என்கிறது. பாட்டுடைத் தலைவன் நன்னன், செங்கண்மா என்ற ஊரை ஆண்டவன். அந்த ஊர்தான் இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிரமலையைப் பக்கத்திலுள்ள பருவதமலை என்று அறிஞர்கள் கொள்கின்றனர். ஒரு வட்டாரத்தின் மலை, ஆறு, தினைப்புனம், விலங்கு, மக்கள் எல்லாவற்றையும் 583 அடிகளில் பெருங்கௌசிகனார் பதிந்து வைத்திருக்கிறார்.

இந்தப் பாட்டின் பெயரையே ஆங்கிலம் பிழையாக உலகுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலக் குறிப்புகளில் அடிக்கடி தென்படும் தலைப்பைத் திரும்பத் தமிழாக்கினால், ‘மலையிலிருந்து கசியும் சுரப்பு’ என்று வரும். தமிழே தெரியாத ஒருவர் இதைப் படித்தால் பாறையிடுக்கில் ஒழுகும் நீரையோ, மலைத்தேனையோ, நிலக்கீலையோ நினைத்துக்கொள்வார். அகராதியைக் கேட்டால், பிழையே இல்லை என்று அது சாதிக்கும். கடாம் என்பது ஆண்யானையின் கன்னத்தில் வழியும் மதநீர். ‘படு’ என்பதற்கு உண்டாதல் என்றும் பொருள் இருக்கிறது. மூன்று சொல்லுக்கும் பொருள் சரிதான். பாட்டுத்தான் கைநழுவிப் போய்விட்டது.

உரையைத் திறந்திருந்தால் இது நேர்ந்திருக்காது. பத்துப்பாட்டுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் தெளிவாகவே சொல்லிவிட்டார்: மலையை யானையாக உவமித்து, அதனிடத்தில் பிறந்த ஓசையைக் கடாமாகச் சிறப்பித்ததால் இப்பெயர் வந்தது. கடாம் இங்கே நீர் அன்று, ஒலி. அவர் சொல்கிறார் என்பதற்காக மட்டும் ஏற்க வேண்டியதில்லை. பாட்டுக்குள் அந்தத் தொடர் வரும் இடத்திற்குப் போய்ப் பாருங்கள். அது கொண்டு முடியும் வினை ‘இயம்ப’. கசிவது இயம்பாது. அதற்கு முன்னால் ஏறக்குறைய ஐம்பது அடிகளுக்குப் புலவர் மலையின் ஓசைகளையே அடுக்கிக்கொண்டு வருகிறார். அருவியில் நீராடும் பெண்களின் ஆரவாரம் கேட்கிறது. புலி கிழித்த கணவனின் மார்புப் புண் ஆறவேண்டிப் பெண்கள் பாடுகிறார்கள். குட்டியைப் பாறைப் பிளவில் தவறவிட்ட மந்தி சுற்றத்தோடு கத்துகிறது. தினை குற்றுபவர்களின் வள்ளைப்பாட்டும் கரும்பாலையின் இரைச்சலும் வருகின்றன. இத்தனையும் ஒன்றாகத் திரண்டு திசையெல்லாம் முழங்குவதைத்தான் மலையாகிய யானையின் கடாமாகக் காண்கிறார் அவர்.

ஆங்கிலத்தில் யானையின் மதத்துக்கு மஸ்த் என்ற சொல் இருக்கிறது. அதுவும் பாரசீகத்திலிருந்து நம் நாட்டு வழியாகப் போனதுதான். ‘மதம் கொண்ட மலையின் முழக்கம்’ என்ற கருத்து வரும்படி அந்த மொழியில் ஒரு தலைப்பு அமைக்க இயலாதா? உரை கையில் இருந்தால் இயலும். அகராதி மட்டும் கையில் இருந்தால் இயலாது.

தலைப்பே இப்படியென்றால் உள்ளே நிலைமை எப்படி இருக்கும்? பாட்டின் முதல் சில அடிகளிலேயே கூத்தர்கள் பையில் கட்டித் தூக்கி வரும் இசைக்கருவிகள் வரிசையாக வருகின்றன: முழவு, ஆகுளி, பாண்டில், தட்டை, எல்லரி, பதலை. இன்று இவற்றில் பெரும்பாலானவற்றை யாரும் வாசிப்பதில்லை. பாண்டில் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அகராதியில் அதற்கு வட்டம், தாளம், கட்டில், எருது, வண்டி என்று நீண்ட பட்டியல். இதே பத்துப்பாட்டிலுள்ள நெடுநல்வாடையில் அரசி படுத்திருப்பது பாண்டில்; அங்கே உரைகாரர் வட்டக்கட்டில் என்கிறார். இங்கே கஞ்சதாளம் என்கிறார். வட்டம் என்ற அடிக்கருத்து இரண்டிலும் இருந்தாலும், கட்டிலைத் தோளில் சுமந்துகொண்டு எந்தக் கூத்தனும் மலை ஏறமாட்டான்.

தட்டையின் கதை இன்னும் கூர்மையானது. குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் பெண் கிளி ஓட்டும் கருவி தட்டை. மூங்கிலைக் கண்ணுக்குக் கண் நறுக்கி, பலவாகப் பிளந்து, ஓசை எழ ஒன்றில் தட்டுவது என்று அதன் செய்முறையையே நச்சினார்க்கினியர் எழுதியிருக்கிறார். மலைபடுகடாத்திலோ அதே உரைகாரர் அதே சொல்லுக்குக் கரடிகை என்ற பறையைப் பொருளாகத் தருகிறார். ஆக, ‘நச்சினார்க்கினியர் இச்சொல்லுக்கு என்ன சொன்னார்’ என்று சொல்லடைவில் தேடி எடுத்துக்கொள்வதும் போதாது. அந்தப் பாட்டில், அந்த அடியில் என்ன சொன்னார் என்று பார்க்க வேண்டும்.

மலைபடுகடாத்திலேயே இன்னொரு சான்று: நவிரமலையில் உறையும் கடவுளைக் குறிக்கும் தொடரில் ‘காரி’ என்று ஒரு சொல். பக்கத்து நாடான திருக்கோவலூரை ஆண்டவன் மலையமான் காரி. வரலாறு தெரிந்த மொழிபெயர்ப்பாளருக்குக் கை துறுதுறுக்கும். உரையோ இங்கே காரி என்பது நஞ்சு என்கிறது; நஞ்சை உண்ட சிவன். அரைகுறை வரலாற்றறிவு அறியாமையைவிட ஆபத்தான இடம் இது.

உரை சொன்னால் வேதமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நச்சினார்க்கினியர் பாட்டுக்கு ஆயிரம் ஆண்டு பிற்பட்டவர். எங்கோ கிடக்கும் அடியை வேறெங்கோ கொண்டுபோய்ப் பொருத்தும் ‘மாட்டு’ என்ற முறையை அளவுக்கு மீறிக் கையாண்டவர். முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் மறைமலையடிகள் இதற்காக அவரைக் கடுமையாகச் சாடினார். தொடரமைப்பில் அவரை மறுக்க இடமுண்டு. பிற்கால உரையாசிரியரான பொ. வே. சோமசுந்தரனாரையும் அருகில் வைத்து ஒப்பிடலாம். ஆனால் மறுப்பதற்காவது முதலில் படிக்க வேண்டும் அல்லவா? உரையை ஒதுக்கிவிட்டு அகராதிக்குப் போகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி அருஞ்சொற்களுக்குத் தரும் பொருள்களில் பெரும்பங்கு இந்த உரைகளிலிருந்து எடுத்துக்கொண்டதுதான். அவர்கள் உரையைத் தவிர்க்கவில்லை. இடம் கழன்ற உரையைப் பயன்படுத்துகிறார்கள்.

உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை அச்சேற்றியபோது நச்சினார்க்கினியர் உரையோடு சேர்த்தே பதிப்பித்தார். இன்று மூலம் மட்டும் திரையில் தனியே மிதக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அதை எடுத்துக்கொள்கிறார். அவர் எழுதிய ஆங்கிலம், தமிழ் அறியாத பிறமொழியாளருக்கு மூலமாகிவிடுகிறது. அங்கே ஒருமுறை கட்டில் என்று ஏறிவிட்டால் பிறகு அதைத் தாளமாக மாற்ற யாரால் முடியும்?

சங்கப் பாட்டை ஆங்கிலத்தில் வெளியிடும் நிறுவனங்களும் பல்கலைக்கழகத் துறைகளும் ஒன்றைக் கட்டாயமாக்கட்டும். எந்த உரையைப் பின்பற்றினோம், எந்த இடத்தில் அதை விட்டு விலகினோம், ஏன் விலகினோம் என்ற குறிப்பு ஒவ்வொரு பாட்டின் அடியிலும் வரவேண்டும். அந்தக் குறிப்பு இல்லாத கைப்பிரதியைத் திருப்பி அனுப்புங்கள்.